செக்குபந்தியில் கிடைத்த பெயர்: கோவையில் ஓர் அடுக்குமாடிக்குப் பெயர் வைத்த அனுபவம்

கோவை திருச்சி ரோட்டில், சிங்காநல்லூர் தாண்டி, ஒரு பழைய ஜின்னிங் ஃபேக்டரி இருந்த இடம். ஏறத்தாழ 2.4 ஏக்கர். அதில் நாலு பிளாக், 132 வீடுகள், இரண்டு பெட்ரூமும் மூன்று பெட்ரூமும் கலந்து. கட்டுகிறவர்கள் உள்ளூர்க் குடும்பம். அப்பா தனி வீடுகளாகக் கட்டிக் கொடுத்து நல்ல பெயர் எடுத்தவர், மகன் அடுக்குமாடிக்கு வந்திருக்கிறார். கம்பெனி பெயர் இந்த விஷயத்துக்குத் தேவையில்லை, விட்டுவிடுகிறேன். அவர்கள் என்னிடம் கேட்டது ஒரே வரி: "பேரைச் சொன்னா பெரிய இடம்னு தெரியணும், ஆனா மத்தவங்க வைக்கிற மாதிரி இருக்கக் கூடாதுங்க."

கையோடு ஒரு பட்டியலும் கொண்டுவந்திருந்தார்கள். முன்பாதியில் கிராண்ட், ராயல், எலைட், பெல்லா, விஸ்டா. பின்பாதியில் என்கிளேவ், ரெசிடென்சி, ஹைட்ஸ், கவுன்ட்டி, அவென்யூ. எந்த முன்பாதியை எந்தப் பின்பாதியோடு சேர்த்தாலும் ஒரு பெயர் வந்துவிடும், அதுதான் அதில் உள்ள கோளாறு. அவினாசி ரோட்டில் ஒரு நடை போய், அங்கே நிற்கிற ஹோர்டிங்குகளில் கம்பெனி லோகோவை மட்டும் மறைத்துவிட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். எது யாருடையது என்று கட்டியவராலேயே சொல்ல முடியாது. இன்னொன்று, இந்த மாதிரிப் பெயர்கள் ஒரு காலத்தில் உண்மையிலேயே விலையுயர்ந்த வீடுகளுக்குத்தான் இருந்தன. பிறகு அந்த விலையை எட்ட ஆசைப்பட்ட எல்லோரும் அதையே வைத்தார்கள். இன்றைக்கு வாங்க வருகிறவர் காதில் அது நடுத்தர விலை வீட்டின் பெயராகத்தான் விழுகிறது. இதைப் பின்னால் சோதித்தும் பார்த்தோம், சொல்கிறேன்.

கௌரவம் என்று அவர்கள் சொல்வது எங்கே நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் தன் வீட்டின் பெயரைத் தானே ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அது அடுத்தவர் காதில் விழும் இடங்கள் கொஞ்சம்தான்: கல்யாணப் பத்திரிகையின் முகவரி வரி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் போனில் வழி சொல்வது, மருத்துவமனையிலோ வங்கியிலோ படிவம் நிரப்பும்போது எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பது. அதிலும் கொங்கு நாட்டில் இதற்கென்று ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. தண்ணீர் பாயும் பூமிக்குத் தோட்டம், மானாவாரிக்குக் காடு. ஒருவர் ஊரைச் சொன்னதும் அடுத்த கேள்வி "எந்தத் தோட்டமுங்க?" என்பதுதான். மேட்டுத் தோட்டம், கிணத்துத் தோட்டம், புளியமரத்துத் தோட்டம் என்று பதில் வரும். அந்தப் பெயரை வைத்தே குடும்பத்தை எடை போட்டுவிடுவார்கள். பொள்ளாச்சி, பல்லடம், காங்கேயம் பக்கமிருந்து பிள்ளைகள் படிப்புக்காகக் கோவையில் வீடு வாங்குகிறவர்கள்தான் இந்தத் திட்டத்துக்குப் பெரிய கூட்டம். அவர்கள் காதுக்கு 'பெல்லா' பெரிய இடம் இல்லை, 'பெரிய தோட்டம்' பெரிய இடம்.

பழைய பெயரைப் புதுக் கட்டடம் சுமப்பது நம்முடைய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க்கின் மேற்கு ஓரத்தில் 1930-ஐ ஒட்டி எழுந்த அடுக்குமாடிகளில் மிக மதிப்பான மூன்று, சான் ரெமோ, பெரஸ்ஃபோர்ட், மெஜஸ்டிக். மூன்றுமே அதே மனையில் முன்பு இருந்த ஹோட்டல்களின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டவை. ஹோட்டலை இடித்தார்கள், ஊர் வாயில் பழகிய பெயரை விடவில்லை. கோவையிலேயே பாருங்கள், ஹோப் காலேஜ் பஸ் ஸ்டாப். 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகிவிட்டது. கல்லூரி அங்கே இல்லை, ஸ்டாப் இன்றும் ஹோப் காலேஜ்தான். ஓர் இடத்தோடு ஒட்டிய பெயர் அவ்வளவு சுலபத்தில் போகாது. அந்த ஒட்டுதலை விலைக்கு வாங்க முடியாது, ஏற்கெனவே அங்கே இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் அகராதியைத் தேடிப் போகாமல், மனையின் மூலப் பத்திரங்களைக் கேட்டு வாங்கினேன். வக்கீல் வில்லங்கம் பார்ப்பதற்காக எப்படியும் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருப்பார். பெயர் தேடுகிறவர் அதில் படிக்க வேண்டியது விலையையோ சாட்சிகளையோ அல்ல, சொத்து விவரத்தில் வரும் செக்குபந்தியை. நான்கு எல்லையையும் சொல்லும் அந்தப் பகுதியில்தான் பழைய எழுத்தர்கள் ஊர் வழக்கில் எழுதியிருப்பார்கள்: இன்னார் பூமிக்குக் கிழக்கு, இட்டேரிக்குத் தெற்கு, இந்தத் தோட்டத்து வண்டித்தடத்துக்கு மேற்கு என்று. அப்புறம் அக்கம்பக்கத்தில் வயதானவர்கள் இரண்டு பேரிடமும், ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒரு ஃபிட்டரிடமும் பேசினேன். ஐந்து பெயர்கள் மேலே வந்தன. ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்பதில்தான் இந்த வேலையின் பாடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுவின். ஜின்னிங் ஃபேக்டரி என்றதும் பருத்தியிலிருந்து ஒரு பெயர் எடுக்கலாமே என்று மகனுக்கு ஆசை. சுவின் என்பது கோவையில் 1974-ல் வெளிவந்த பருத்தி ரகம், சுஜாதா என்ற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட்டையும் கலந்து உருவாக்கியது. மிக நீளமான இழை, மெல்லிய நூல் நூற்கலாம். துணித் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரே மரியாதை. சின்னது, புதுசு, கோவைக்குச் சொந்தமானது. எல்லாம் சரிதான், ஆனால் ஆங்கிலத்தில் Suvin என்று எழுதி வெளியாட்களிடம் வாசிக்கச் சொன்னபோது இரண்டு பேர் அவசரத்தில் 'ஸ்வைன்' என்று படித்தார்கள். பன்றி என்று அர்த்தமாகிறது. பத்தில் ஒருவர் அப்படிப் படித்தாலே போதும், அந்தப் பெயரை வாட்ஸ்அப்பில் கேலி செய்ய அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தவிர, துணிக்கடைக்காரர்கள் அந்தப் பெயரைச் சட்டைக்கே போட்டு விற்கிறார்கள். விட்டுவிட்டோம்.

இரண்டாவது, கவலைத் தோட்டம். மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் ஏற்றத்துக்குக் கவலை என்று பெயர், ஒரு பெரியவர் அந்தப் பக்கத்துக் கிணற்றை அப்படித்தான் சொன்னார். எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் நாற்பது வயதுக்குக் கீழே யாருக்கும் அந்த அர்த்தம் தெரியாது, வீட்டுக் கடன் வாங்கி வருகிறவரிடம் அந்தப் பெயரை நீட்ட முடியுமா. அதோடு முடிந்தது.

இட்டேரி மூன்றாவது. இரண்டு பக்கமும் வேலி வைத்த வண்டிப் பாதை. கொங்குக்காரர்களுக்கு அந்த வார்த்தையிலேயே ஊர் தெரியும், திருச்சிக்கு அந்தப் பக்கம் போனால் பலருக்குப் புரியாது. வளாகத்தின் பெயராக அது பாதி வாடிக்கையாளர்களை வெளியே நிறுத்திவிடும். ஆனால் உள்ளே மதிலை ஒட்டி ஒரு நடைபாதை வரைபடத்தில் இருந்தது, 'ஜாகிங் டிராக்' என்று எழுதியிருந்தார்கள். அதற்கு இட்டேரி என்று பெயர் வைத்துவிட்டோம். வீடு பார்க்க வருகிறவர்களில் கொங்குக்காரர்கள் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று கூட வந்தவர்களுக்கு விளக்கம் சொல்வதை விற்பனைப் பையன்கள் இன்றும் சொல்கிறார்கள்.

நான்காவதுதான் எல்லோருக்கும் பிடித்தது: மேட்டுத் தோட்டம். பெயரே மனையின் ஒரு உண்மையைச் சொல்கிறது. சிங்காநல்லூர்ப் பக்கம் தாழ்வான இடங்களில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், இந்த மனை மேடு, நிற்காது. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே மனதாகச் சரி. போன் சோதனையில்தான் போனது. ஒருவரை விட்டு முகவரியைப் போனில் சொல்லச் சொல்வோம், எதிர்முனையில் இருப்பவர் எழுதுவார். 'மேட்டு' என்று கேட்டதுமே மூன்று பேர் 'மேட்டுப்பாளையம் ரோடு' என்று எழுதிவிட்டார்கள். மேப்பில் Mettu என்று அடித்தால் முதலில் வந்து நிற்பதும் அதேதான். திருச்சி ரோட்டில் இருக்கிற வீட்டுக்கு வருகிற விருந்தாளி ஊரின் இன்னொரு கோடிக்குப் போய் நிற்பார். பெயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதே ஊரில் பெரிய ஒன்றின் முதல் பாதியோடு மோதினால் எடுக்கக் கூடாது. கிணத்துத் தோட்டத்தையும் இதே காரணத்துக்காகத் தொடவில்லை, கிணத்துக்கடவு பக்கத்திலேயே இருக்கிறது.

மிஞ்சியது நெல்லித் தோட்டம். பழைய பத்திரம் ஒன்றின் செக்குபந்தியில் 'நெல்லித் தோட்டத்து வண்டித்தடத்துக்கு மேற்கு' என்று கிடந்தது. மனையை ஒட்டிய பூமிக்கு அந்தப் பெயர், பின்னால் ஒரு பகுதியை ஃபேக்டரிக்காரர்களே வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். அதனால் பெயருக்கு உரிமையும் இருந்தது. முதலில் கேட்டபோது அறையில் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்குது, ஆனா கிராமம் மாதிரி இருக்குங்களே" என்றார் விற்பனை மேலாளர். மேட்டுத் தோட்டத்துக்கு அந்த எதிர்ப்பு வராததற்குக் காரணம் அவர்கள் அதில் மனையைப் பார்த்தார்கள், இதில் அவர்களுக்குக் காயைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

சோதனைக்குப் போட்டோம். கோவையில் வீடு தேடிக்கொண்டிருக்கிற, இந்தக் கம்பெனியோடு தொடர்பில்லாத ஆட்கள். ஒரு தாளில் எட்டுப் பெயர்கள், அதில் நம்முடையது ஒன்று, மற்றவை ஹோர்டிங்கில் பார்க்கிற வகை. எது பிடித்திருக்கிறது என்று கேட்கவே கூடாது. கேட்டால் பழகிய பெயரைத்தான் தொடுவார்கள். நாங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். எந்த வளாகத்தில் வீடு விலை அதிகமாக இருக்கும்? மறுநாள் போன் பண்ணி, தாளில் என்னென்ன பெயர் இருந்தது? ஹோர்டிங் வகைப் பெயர்களைப் பெரும்பாலும் நடுவில் வைத்தார்கள். நெல்லித் தோட்டத்தை ஒன்று மேலே வைத்தார்கள் அல்லது 'இது தனி வீடாக இருக்குமோ' என்று தயங்கினார்கள். மறுநாள் ஞாபகம் இருந்தது ஏறக்குறைய எல்லோருக்கும் அது ஒன்றுதான், மற்றவற்றை ஒன்றோடொன்று கலந்து சொன்னார்கள். இவ்வளவு சின்னக் கூட்டத்தை வைத்து விற்பனையைக் கணிக்க முடியாது. ஆனால் குழப்பம் வருமா, நினைவில் நிற்குமா என்பதற்கு இது போதும். அதற்கு மேல் ஆள் சேர்ப்பது பணத்தை வீணாக்குவது.

கல்யாணப் பத்திரிகைச் சோதனையை நான் எப்போதும் தனியாகச் செய்வேன். பிரஸ்ஸில் கொடுத்து உண்மையான பத்திரிகை அட்டையில், உண்மையான எழுத்துருவில், 'பி 304, நெல்லித் தோட்டம், திருச்சி ரோடு, கோவை' என்று அடித்து வாங்கி, அதே 'பி 304' முகவரியைப் பழைய பட்டியலில் இருந்த ஒரு பெயரோடும் அடித்து, இரண்டையும் மேஜையில் வைத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார். "இது நம்ம ஊட்டு அட்ரஸ் மாதிரி இருக்குது" என்று நெல்லித் தோட்டம் அட்டையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். 'அபார்ட்மென்ட்ஸ்', 'ரெசிடென்சி' என்று வால் எதுவும் சேர்க்காததுதான் அங்கே வேலை செய்தது. வால் இருந்தால் அது கட்டடத்தின் பெயர், இல்லாவிட்டால் இடத்தின் பெயர்.

பிளாக்குகளுக்கும் மரப் பெயர் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். மின் இணைப்பு, பத்திரம், சொத்து வரி எல்லாவற்றிலும் ஏ, பி, சி, டி என்றுதான் போகும். ராத்திரி ஆம்புலன்ஸ் வந்து வாட்ச்மேனிடம் 'மகிழம் பிளாக் எது' என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அப்புறம் எண்கணிதம். இதை ஒதுக்கிவிட்டு இங்கே யாரும் பெயர் வைக்க முடியாது, குடும்பத்தின் நம்பிக்கை அது, மரியாதையோடு கையாள வேண்டும். ஆபத்து என்னவென்றால் எல்லாம் முடிந்த பிறகு ஜோதிடர் நடுவில் ஒரு எழுத்தைச் சேர்க்கச் சொல்வார், Thottam என்பது Thhottamm ஆகும், மேப்பிலும் தேடலிலும் யாருக்கும் கிடைக்காது. அதனால் எழுத்துக்கூட்டலை முடிவு செய்வதற்கு முன்பே அவர்கள் பின்பற்றும் முறையில் கூட்டிப் பார்த்துவிடுவேன். அவர்களுடையது சால்டியன் முறை, ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஓர் எண் வைத்துக் கூட்டுவது. Nelli 17, Thottam 29, மொத்தம் 46, கூட்டினால் 10, அதாவது 1. அவர்கள் ஏற்கும் எண். மேட்டுத் தோட்டம் 52, அதாவது 7, அங்கேயும் இடித்திருக்கும். எழுத்தைத் தொடாமலே எண் அமைந்ததில் பெரியவருக்குத் திருப்தி, எனக்கு நிம்மதி.

சட்டப் பக்கம் இரண்டு வேலைகள். வணிகக் குறிப் பதிவேட்டில் ரியல் எஸ்டேட் 36-ஆம் வகுப்பிலும் கட்டுமானம் 37-லும் வரும். இரண்டிலும் தேட வேண்டும், எழுத்துக்கூட்டலை வைத்து மட்டுமில்லாமல் ஒலியை வைத்தும். 'தோட்டம்' என்ற பொதுச் சொல்லை யாரும் தனக்கு மட்டும் என்று பூட்ட முடியாது, நமக்கும் அது கிடைக்காது, முழுப் பெயருக்கும் அதை எழுதிய விதத்துக்கும்தான் விண்ணப்பம். மற்றொன்று ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 2016 சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி இந்த அளவுத் திட்டத்தைப் பதிவு எண் வருவதற்கு முன் விளம்பரம் செய்யவே கூடாது. பலர் அந்த இடைவெளியில் பெயரை மட்டும் போட்டு 'விரைவில்' என்று ஒரு பேனர் கட்டுவார்கள், அதுவும் விளம்பரம்தான். பதிவு விண்ணப்பத்திலேயே திட்டத்தின் பெயர் போய்விடுவதால், பெயர் முடிவாகாமல் விண்ணப்பிக்கக் கூடாது. அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்தில் சொன்ன பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை தருகிறது. ஏரி தெரியாத இடத்துக்கு 'லேக் வியூ' என்று வைத்து, அதை வைத்தே படமும் வரைந்து விற்கிறவர்கள் இதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

அதனால் நெல்லி மரம் அங்கே இருந்தாக வேண்டும் என்பதில் நான் கறாராக இருந்தேன். இயற்கைக் காட்சி அமைப்பாளர் பனைகளை இறக்குமதி செய்து நட வரைந்திருந்தார். வாசலில் அதை எடுத்துவிட்டு ஒட்டு நெல்லி. ஒரு விஷயம் நர்சரிக்காரர் சொன்னது, ஒரே ரகத்தை நட்டால் காய் ஒழுங்காகப் பிடிக்காது, அயல் மகரந்தம் வேண்டும். அதனால் பவானிசாகரில் வந்த பிஎஸ்ஆர் 1 ரகத்தோடு இன்னொரு ரகத்தையும் கலந்து வைத்தார்கள். அதியமான் ஒளவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைப் பிரசுரத்தில் போடலாம் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். அது தகடூர்க் கதை, இந்த மண்ணுக்குச் சொந்தமானது அந்தச் செக்குபந்தி வரிதான். பத்திரத்தின் அந்த ஒரு வரியை, பழைய கையெழுத்தோடு, யார் பெயரும் தெரியாதபடி வெட்டி, பிரசுரத்தின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டோம். வேறு விளக்கம் எதுவும் இல்லை.

கோளாறு எங்கே வந்தது என்றால், ஹோர்டிங் ஏறிய முதல் சில வாரங்களில். வந்த அழைப்புகளில் கணிசமானவை "சென்ட் என்ன விலைங்க?" என்று கேட்டன. கோவையைச் சுற்றிலும் பண்ணை நிலத்தைத் துண்டு போட்டு விற்கிற விளம்பரங்கள் நிறைய, 'தோட்டம்' என்றதும் மனை என்றே எடுத்துக்கொண்டார்கள். விற்பனை மேலாளர் முதலிலேயே பயந்தது இதைத்தான், அவர் பயம் நியாயமானது. பெயருக்கு வால் சேர்த்துவிடலாம் என்ற பேச்சு உடனே எழுந்தது. நான் ஹோர்டிங்கைப் போய்ப் பார்த்தேன். பெயர் பெரிதாக, மரம் பெரிதாக, கட்டடமே இல்லை. '2, 3 பெட்ரூம் வீடுகள்' என்பது கீழே ரெரா எண்ணின் அளவில் இருந்தது. அந்த வரியைப் பெயருக்குச் சமமாக ஏற்றி, பின்னால் கட்டடத்தின் படத்தைக் கொண்டுவந்தோம். தவறான அழைப்புகள் சீக்கிரமே சொற்பமாகிவிட்டன. வெளியூர்க்காரர்களுக்கு ஊர்ப்பெயர் வாடை அடிக்கிற பெயரை எடுக்கிறவர்கள் இந்தச் செலவை முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும்: பெயர் பொருளைச் சொல்லாதபோது பக்கத்து வரி சொல்லியாக வேண்டும்.

பெயரால் எத்தனை வீடு கூடுதலாக விற்றது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. விலை, கடன் வட்டி, இடம், ஒப்படைக்கும் தேதி எல்லாம் அதில் கலந்திருக்கிறது. நான் பார்க்கிற அடையாளம் வேறு. வாங்கியவர்கள் தாங்களாகப் பெயரை எப்படிச் சுருக்குகிறார்கள் என்பது. கிராண்ட் என்னவோ என்று இருந்தால் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள், 'இன்னார் அபார்ட்மென்ட்' என்று. இங்கே குடியேறுகிறவர்கள் ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்களாகவே 'தோட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறுகிறவர்களிடம் ஆட்டோக்காரர் கேட்பதும் "தோட்டத்துக்கா?" என்றுதான்.

இப்போது அதே குடும்பம் சரவணம்பட்டியில் அடுத்த திட்டம் தொடங்குகிறது. மகன் வந்த வேகத்திலேயே 'மாதுளைத் தோட்டம்' என்று எழுதிய தாளை நீட்டினார், இதையே ஒரு வரிசையாக்கிவிடலாம் என்று. மூலப் பத்திரத்தைக் கொடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வந்தது. புல எண்களும் ஒரு பொதுக் கிணறும் மட்டும்தான் இருக்கின்றன, தோட்டமும் இல்லை, மாதுளையும் இல்லை. அதனால் அங்கே தோட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கிணற்றுக்கு ஊரில் என்ன பெயர் என்று விசாரிக்க இந்த வாரம் ஆள் போயிருக்கிறது.